பழுது நீங்கினாலும் குறையும் விலை: விபத்துக்குள்ளான காரின் மதிப்பிழப்பை யார் ஈடுசெய்வார்?

பெரிய விபத்தொன்றில் சிக்கிய கார், சில வாரங்கள் பணிமனையில் இருந்துவிட்டுப் பழைய பொலிவுடன் வீடு திரும்புகிறது. காப்பீட்டு நிறுவனம் பில் தொகையின் பெரும்பகுதியைச் செலுத்திவிட்டது. காரும் முன்போலவே ஓடுகிறது. ஆனால் ஓராண்டு கழித்து அதை விற்க முற்படும்போது, அதே மாடல், அதே ஆண்டு, ஏறத்தாழ அதே கிலோமீட்டர் ஓடிய மற்றொரு காரைவிட லட்ச ரூபாய் குறைவாகவே விலை பேசுகிறார்கள். காரில் குறையேதும் உண்டா என்று கேட்டால், இப்போது ஒன்றுமில்லை என்றே வாங்குபவரும் ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் இந்த லட்ச ரூபாய் எங்கே போயிற்று? அதைக் காப்பீட்டுப் பாலிசி ஈடுசெய்யுமா?

வாகனக் கடன் பெற்ற வாடிக்கையாளர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சுருக்கமான விடை: நமது சொந்தப் பாலிசி இதற்கு ஈடு தராது, கூடுதல் பிரீமியம் செலுத்திப் பெறும் துணைக் காப்புகளும் தரா. ஆயினும் விபத்துக்கு வேறொருவரின் கவனக்குறைவு காரணமாக இருந்தால், அவரது பாலிசியின் வழியே கேட்பதற்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. இந்த இரண்டையும் சற்று விரிவாகக் காண்போம்.

விலை ஏன் குறைகிறது?

பம்பர், ஃபெண்டர், கதவு, பானெட் ஆகியவை போல்ட் கொண்டு பொருத்தப்பட்ட பாகங்கள். அவற்றைக் கழற்றிப் புதியவற்றை மாட்டினால் காரின் உடற்கட்டுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. ஆகவே இத்தகைய பழுதுகளால் மறுவிற்பனை விலை பெரிதாகக் குறைவதில்லை. சேஸிஸின் நீள்தண்டுகள், கதவுகளை ஒட்டி நிற்கும் தூண்கள், முன்புற ஏப்ரன், அடித்தளத் தகடு, கூரை ஆகியவற்றின் கதை வேறு. இவை தொழிற்சாலையில் ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்டவை. மோதலின் விசையைத் தாங்கிப் பயணிகளைக் காப்பவையும் இவையே. இவற்றை வெட்டி, இழுத்து நிமிர்த்தி, மீண்டும் வெல்டிங் செய்த காரை வாங்குபவர், அடுத்த விபத்தில் அது முன்போலவே தாங்குமா என்று தயங்குகிறார். அந்தத் தயக்கத்தின் விலையே மதிப்பிழப்பு.

இதை மறைப்பது எளிதன்று. பழைய கார் வணிகர்கள் வர்ணத்தின் தடிமனை அளக்கும் சிறு கருவியைத் தகட்டின்மீது வைத்துப் பார்க்கிறார்கள். பட்டி பூசி மறுவர்ணம் அடித்த இடத்தில் அளவு பன்மடங்கு கூடித் தெரியும். கதவின் ரப்பர்ப் பட்டையை விலக்கி, தொழிற்சாலையின் சீரான வெல்டிங் புள்ளிகள் இருக்கின்றனவா என்று நோக்குகிறார்கள். அங்கீகாரம் பெற்ற பணிமனையின் சர்வீஸ் பதிவேட்டைக் கேட்கிறார்கள். மூன்று ஆண்டுக் காரின் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் சுழியமாக இருந்தால், அதுவே விபத்துக் கதையைச் சொல்லிவிடுகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். கதவு சரியாகப் பொருந்தவில்லை, சக்கரச் சீரமைப்பு நிலைக்கவில்லை, வர்ணம் நிறம் மாறித் தெரிகிறது என்றால், அது பழுதுபார்ப்பின் குறை, மதிப்பிழப்பு அன்று. அதைச் சரிசெய்து தரும் பொறுப்பு பணிமனையுடையது. எழுத்துமூலம் தெரிவித்து மறுவேலை கேட்கலாம். மறுத்தால் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். நாம் இங்கே பேசுவது, வேலை முற்றும் செம்மையாக நடந்த பிறகும் எஞ்சி நிற்கும் விலைக்குறைவைப் பற்றி மட்டுமே.

நமது பாலிசி என்ன சொல்கிறது?

நாட்டில் விற்கப்படும் தனியார் கார் பேக்கேஜ் பாலிசிகளின் சொற்கள் பெரும்பாலும் 2002-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் டேரிஃபைத் தழுவியவை. அவற்றில் மதிப்பிழப்புக்கான வழியை மூன்று விதிகள் அடைக்கின்றன.

முதலாவது, நிறுவனத்தின் பொறுப்பின் அளவு. வாகனம் முழு இழப்பானால் ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பு வழங்கப்படும். பகுதிச் சேதமானால், பழுதுபார்க்கவும் பாகங்களை மாற்றவும் ஆகும் நியாயமான உண்மைச் செலவு, தேய்மானக் கழிவுக்கு உட்பட்டு வழங்கப்படும். அளவுகோல் பழுதுச் செலவே. விபத்துக்கு முன்னும் பின்னும் சந்தையில் நிலவிய விலை வேறுபாடு அன்று.

இரண்டாவது, விலக்குகள். விபத்தின் தொடர்விளைவாக நேரும் இழப்பு, தேய்மானம், வழக்கமான தேய்வு ஆகியவற்றுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்று பாலிசியே வெளிப்படையாகக் கூறுகிறது. மறுவிற்பனை விலைக்குறைவு தொடர்விளைவு இழப்பாகவே கருதப்படுகிறது.

மூன்றாவது, தெரிவு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. வாகனத்தைப் பழுதுபார்த்துத் தருவதா, பாகத்தை மாற்றித் தருவதா, பணமாகத் தருவதா என்பதை நிறுவனமே முடிவு செய்யலாம் என்பது பாலிசியின் நிபந்தனை. பழுதுபார்த்துத் தந்துவிட்டால் ஒப்பந்தக் கடமை நிறைவேறிவிடுகிறது.

எல்லா நாட்டிலும் இந்த நிலை இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், பழுதுபார்த்த பின்னும் எஞ்சும் மதிப்பிழப்பைச் சொந்தக் காப்பீட்டு நிறுவனமே மதிப்பிட்டு வழங்க வேண்டும் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. வெளிநாட்டில் வாழும் உறவினர் தமக்கு அவ்வாறு தொகை கிடைத்ததாகச் சொன்னால், அது அங்குள்ள சட்டத்தின் பயன். அதே கோரிக்கையை இங்குள்ள சொந்தப் பாலிசியின்கீழ் வைத்தால் ஏற்கப்படாது.

துணைக் காப்புகள் உதவுமா?

ஜீரோ டிப்ரிசியேஷன் என்ற பெயரைக் கேட்டதும், காரின் மதிப்பே குறையாமல் காக்கப்படும் என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். அது கழிக்காமல் விடுவது, மாற்றப்படும் பாகங்களின் தேய்மானத்தை மட்டுமே. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு வழக்கமான பாலிசியில் 50 சதவீதம் கழிப்பார்கள். உலோகப் பாகங்களுக்குக் காரின் வயதைப் பொறுத்துக் கழிப்பார்கள். இந்தக் கழிவுகளே ஜீரோ டிப்ரிசியேஷன் காப்பில் நீங்குகின்றன. காரின் சந்தை விலைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்ற காப்பு, கார் திருடு போனாலோ முழு இழப்பானாலோ, ஐ.டி.வி.க்கும் வாங்கிய விலைக்கும் உள்ள இடைவெளியை நிரப்புகிறது. பழுதுபார்க்கத்தக்க சேதத்துக்கு அது பொருந்தாது. என்ஜின் பாதுகாப்பு, ஆயில், நட்டு, போல்ட் போன்ற நுகர்பொருள் செலவுக்கான காப்பு ஆகியனவும் பழுதுச் செலவையே சார்ந்தவை. ஆக, எந்தத் துணைக் காப்பும் நாம் தேடும் இழப்பைத் தொடுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

கணக்காகப் பார்த்தால் இது தெளிவாகும். பின்வரும் தொகைகள் விளக்கத்துக்காக நாம் அமைத்துக்கொண்டவை. கழிவு விகிதங்கள் டேரிஃபில் உள்ளவை.

10 லட்ச ரூபாய் விலையுள்ள, 1,500 சி.சி.க்கு உட்பட்ட கார். வயது இரண்டரை ஆண்டு. 30 சதவீதம் கழித்து ஐ.டி.வி. 7 லட்சம். சாலைச் சந்திப்பில் நின்றிருந்தபோது பின்னால் வந்த வாகனம் மோதியதில், பின்பக்கத் தகடும் அடித்தளமும் நசுங்கின. அவற்றை வெட்டி வெல்டிங் செய்ய வேண்டியதாயிற்று.

பில் தொகை ரூ.2,80,000. அதில் உலோகப் பாகங்கள் ரூ.1,20,000, பிளாஸ்டிக் பாகங்கள் ரூ.60,000, கண்ணாடி ரூ.15,000, வர்ண வேலை ரூ.40,000, கூலி ரூ.45,000. இரண்டு முதல் மூன்று ஆண்டு வயதுள்ள காரின் உலோகப் பாகங்களுக்கு 15 சதவீதம், அதாவது ரூ.18,000 கழிகிறது. பிளாஸ்டிக்குக்குப் பாதி, ரூ.30,000. வர்ண வேலையில் கால்பங்கு பொருட்செலவாகக் கொள்ளப்பட்டு, அதில் பாதியான ரூ.5,000 கழிகிறது. கண்ணாடிக்கும் கூலிக்கும் கழிவில்லை. கட்டாயக் கழிவு ரூ.1,000. ஆக உரிமையாளர் தம் கையிலிருந்து தர வேண்டியது ரூ.54,000, நிறுவனம் தருவது ரூ.2,26,000. ஜீரோ டிப்ரிசியேஷன் எடுத்திருந்தால் உரிமையாளர் பங்கு ஏறத்தாழ ரூ.1,000-ஆகச் சுருங்கியிருக்கும்.

பாலிசியின் பார்வையில் கணக்கு இத்துடன் முடிந்தது. சந்தையின் பார்வையில் முடியவில்லை. விபத்தில்லாத இத்தகைய காருக்கு ரூ.6,30,000 தர முன்வரும் வணிகர், இந்தக் காருக்கு ரூ.5,10,000 மட்டுமே தருகிறார் என்று கொள்வோம். மதிப்பிழப்பு ரூ.1,20,000. ஜீரோ டிப்ரிசியேஷன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தத் தொகை மாறுவதில்லை.

கடன் உள்ளவருக்கு இது மேலும் உறுத்தும். இந்தக் காருக்கு 9 சதவீத வட்டியில், 84 மாதத் தவணையில், 8.5 லட்சம் கடன் பெற்றிருந்தால், 30 மாதங்களுக்குப் பின் நிலுவை ஏறத்தாழ ரூ.6,05,000 இருக்கும். விபத்து நேராமல் விற்றிருந்தால் கடனை அடைத்து ரூ.25,000 மிஞ்சியிருக்கும். இப்போதோ விற்ற பணம் போக, ஏறத்தாழ ரூ.95,000 கையிலிருந்து சேர்த்தால்தான் கடன் முடியும். அதன் பிறகே வங்கி தடையின்மைச் சான்றும் அடமான நீக்கத்துக்கான படிவம் 35-உம் வழங்க இயலும்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. அடுத்த ஆண்டு பாலிசியைப் புதுப்பிக்கும்போது, ஐ.டி.வி. கார் வயதின்படி 40 சதவீதம் கழித்து 6 லட்சமாக நிர்ணயிக்கப்படும். நேர்ந்த விபத்து அந்த அட்டவணைக்குள் வருவதில்லை. பாலிசி மதிப்பிழப்புக்கு ஈடு தருவதுமில்லை. அதை நமக்கு எதிராகக் கணக்கில் கொள்வதுமில்லை. ஐ.டி.வி.யும் சந்தை விலையும் வெவ்வேறானவை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

முழு இழப்பின் எல்லைக்கோடு

மீட்பதற்கும் பழுதுபார்ப்பதற்கும் ஆகும் மொத்தச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால், வாகனம் முழு இழப்பாகக் கொள்ளப்படும். நம் எடுத்துக்காட்டில் அந்த எல்லை ரூ.5,25,000. மதிப்பிழப்பு மிகக் கடுமையாக விழுவது இந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் கார்களுக்குத்தான். மதிப்பீடு ரூ.5,00,000 என்றால் கார் பழுதுபார்க்கப்படும். உரிமையாளர் உடற்கட்டு முழுவதும் கைபட்ட காருடன் எஞ்சுவார். அதே மதிப்பீடு ரூ.5,30,000 ஆனால், காப்பீட்டு மதிப்பு அவருக்கோ, கடன் இருப்பின் முதலில் வங்கிக்கோ வந்து சேரும்.

முதல் மதிப்பீடு வெளியே தெரியும் சேதத்தை வைத்தே எழுதப்படுகிறது. பாகங்களைக் கழற்றிய பிறகே உள்சேதம் தெரியவரும். ஆகவே மதிப்பீடு ஐ.டி.வி.யில் பாதிக்கு மேல் இருந்தால், பழுது வேலையைத் தொடங்க ஒப்புதல் தருமுன், காரைக் கழற்றி முழுச் சேதத்தையும் சர்வேயர் நேரில் பார்த்துப் பதிவு செய்யுமாறு எழுத்துமூலம் கேட்க வேண்டும். வெட்டி வெல்டிங் செய்த பின் கூடுதல் சேதம் வெளிப்பட்டால், முழு இழப்பு என்ற தெரிவுக்குத் திரும்புவது கடினம். சர்வேயர் அறிக்கையின் நகலையும் கேட்டுப் பெறுங்கள். அதன் பயனைக் கீழே காணலாம்.

திறந்திருக்கும் வாசல்

நம் பாலிசி ஓர் ஒப்பந்தம். அதில் எழுதியிருப்பதை மட்டுமே கேட்க முடியும். நம் காரை மோதியவருடன் நமக்கு ஒப்பந்தம் எதுவும் இல்லை. அவருடைய பொறுப்பு கவனக்குறைவுக்கான சட்டத்திலிருந்து பிறக்கிறது. அவருடைய செயலால் நம் உடைமைக்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்வதே அதன் அளவுகோல். ஒரு பொருளின் விலை பழுதுபார்த்த பிறகும் குறைந்தே இருக்கிறது என்று மெய்ப்பிக்க முடிந்தால், அதையும் இழப்பின் பகுதியாகக் கோரலாம். அவருடைய பாலிசியின் மூன்றாம் தரப்புப் பிரிவு, பிறர் உடைமைக்கு நேரும் சேதத்துக்கான அவரது சட்டப் பொறுப்பை ஏற்கிறது. தனியார் கார்களுக்கு இதன் வரம்பு வழக்கமாக 7.5 லட்ச ரூபாய். சிறு தள்ளுபடிக்காக இந்த வரம்பை ரூ.6,000-ஆகக் குறைத்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்கள் விஷயத்தில் மிகுதியை உரிமையாளரிடமிருந்தே பெற வேண்டியிருக்கும்.

இதற்கான மன்றம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 165-ஆம் பிரிவு, உயிரிழப்பு, காயம் ஆகியவற்றோடு மூன்றாம் தரப்பினரின் உடைமைச் சேதத்தையும் அதன் அதிகாரத்தில் சேர்த்திருக்கிறது. விபத்து நேர்ந்த இடத்திலோ, மனுதாரர் வசிக்கும் இடத்திலோ உள்ள தீர்ப்பாயத்தை அணுகலாம். உடைமைச் சேதத்தைப் பொறுத்தவரை எதிர்த்தரப்பு ஓட்டுநரின் கவனக்குறைவை நாம் மெய்ப்பித்தாக வேண்டும். தவறு நம்முடையதானாலோ, கார் மரத்தில் மோதியிருந்தாலோ, இந்த வாசல் இல்லை.

நம் எடுத்துக்காட்டின் உரிமையாளர் என்ன கேட்கலாம்? பழுதுச் செலவில் ரூ.2,26,000 அவருக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. அதை இருமுறை கேட்க முடியாது. தம் கையிலிருந்து தந்த ரூ.54,000, மதிப்பிழப்பு ரூ.1,20,000, ஆக ரூ.1,74,000 கோரலாம். கிளெய்ம் செய்ததால் இழந்த நோ கிளெய்ம் போனஸையும் சேர்க்கலாம். கோருவது அனைத்தும் கிடைத்துவிடும் என்பதில்லை. மதிப்பிழப்புத் தொகை முழுக்க முழுக்கச் சான்றைப் பொறுத்தது. வணிகர் வாய்மொழியாகச் சொன்னார் என்பது சான்றாகாது.

விபத்துக்கு முந்தைய நிலையில் காரின் விலை, பிந்தைய நிலையில் அதன் விலை, இரண்டுக்கும் இடையிலான குறைவு இந்தப் பழுதால்தான் என்பது: இம்மூன்றையும் சான்றுகள் நிறுவ வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல், பழுதுக்கு முந்தைய புகைப்படங்கள், எந்தெந்தப் பாகம் வெட்டி வெல்டிங் செய்யப்பட்டது என்று காட்டும் சர்வேயர் அறிக்கை, இனவாரியான பில், தனிப்பட்ட தகுதிபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை ஆகியவை அடிப்படை. அந்த மதிப்பீட்டாளர் விபத்தில்லாத ஒத்த கார்களின் விலைகளோடு ஒப்பிட்டு எழுதியிருக்க வேண்டும். தேவைப்பட்டால் சாட்சியமளிக்கவும் முன்வர வேண்டும். பழைய கார் நிறுவனங்கள் எழுத்தில் தந்த இரண்டு மூன்று விலைகள் அதற்குத் துணை நிற்கும். காரை உண்மையில் விற்றுவிட்டிருந்தால், விற்பனை ஆவணம் எல்லாவற்றிலும் வலிமையானது.

இந்த வழியில் இரண்டு இடர்கள் உண்டு. ஒன்று காலம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 166-ஆம் பிரிவில் விபத்து நாளிலிருந்து ஆறு மாதக் கெடுவைச் சேர்த்தது. அது 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. காரை விற்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ஓராண்டு காத்திருப்பவர் இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார். மதிப்பீட்டைப் பழுது முடிந்த உடனேயே பெற்றுவிட வேண்டும். மற்றொன்று கையெழுத்து. கிளெய்ம் தொகை பெறும்போது, எதிர்த்தரப்பிடம் வசூலிக்கும் உரிமையை நிறுவனத்துக்கு மாற்றித்தரும் கடிதத்தில் கையொப்பம் கேட்கப்படலாம். நிறுவனம் செலுத்திய தொகையின் அளவுக்கு மட்டுமே அந்த உரிமை மாறுகிறது, எஞ்சிய இழப்பைக் கோரும் உரிமை நம்மிடமே இருக்கிறது என்பதை அக்கடிதத்திலேயே எழுதிச் சேர்த்துவிடுங்கள். அதேபோல் சாலையோரத்திலேயே சில ஆயிரம் பெற்றுக்கொண்டு, இனிக் கோரிக்கை ஏதுமில்லை என்று எழுதித் தருவதும் இந்த வாசலை நாமே மூடுவதாகும்.

வாசல் இல்லாதபோது

தவறு நம்முடையதாக இருந்து, ஈடு பெற வழியில்லாதபோதும், இழப்பைச் சுருக்க இடமுண்டு. உடற்கட்டு வேலையை அளவீட்டு வசதியுள்ள அங்கீகாரம் பெற்ற பணிமனையில் செய்து, சேஸிஸ் அளவுகள் நிறுவனத்தின் வரையறைக்குள் திரும்பியதைக் காட்டும் அச்சுப்படியைக் கேட்டு வாங்குங்கள். பழுதுக்கு முந்தைய படங்கள், பாகங்களின் பட்டியல், இந்த அச்சுப்படி, பணிமனை உத்தரவாதம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள். வாங்குபவர் தள்ளுபடி கேட்பது தமக்குத் தெரியாததற்காகவே. முழு விவரத்தையும் முன்வைத்தால் அந்தத் தள்ளுபடி குறையும். விபத்தை மறைத்து விற்பது சட்டச் சிக்கலுக்கும் வழிவகுக்கும்.

முடிந்தால் காரை உடனே விற்காமல் சில ஆண்டுகள் வைத்திருப்பதும் பயன் தரும். காரின் விலையே இறங்கி வருவதால், விபத்தின் பொருட்டுக் குறைக்கப்படும் ரூபாயும் சேர்ந்தே இறங்கும். கடன் உள்ளவருக்கோ, ஒவ்வொரு தவணையிலும் நிலுவை குறைந்து, விற்ற பணத்துக்கும் கடனுக்கும் இடையிலான பள்ளம் நிரம்பும். காரை மாற்றியே ஆக வேண்டும் என்றால், விலை பேசுமுன் கடன் நிலுவைச் சான்றைக் கிளையில் பெற்று, எவ்வளவு தொகை கையிலிருந்து சேர்க்க நேரும் என்பதை முன்னரே கணித்துக்கொள்ளுங்கள்.